நேர்காணலுக்கு வரச்சொல்லும் அந்த ஒரு பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். கோயம்புத்தூரில், அவிநாசி சாலையில் அரசூர் பக்கம், பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலை எனக்கு. வருஷத்துக்கு ஒரு முறை டிப்ளமோ முடித்தவர்களையும் பி.இ. முடித்தவர்களையும் டிரெய்னியாக எடுப்போம். விண்ணப்பங்களைச் சலித்து ஒரு பட்டியல் போட்ட பிறகு, பட்டியலில் இருக்கிறவர்களுக்கு "இந்தத் தேதியில் நேர்காணலுக்கு வாருங்கள்" என்று ஒரு கடிதம் போகும். ஒரே ஒரு பக்கம்தான். அந்த ஒரு பக்கத்தில் நாங்கள் செய்த கூத்தையும், அப்புறம் அதை எப்படிச் சரி செய்தோம் என்பதையும்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் 24 பேருக்குக் கடிதம் அனுப்பினோம். "காலை 9.30 மணிக்கு அசல் சான்றிதழ்கள் அனைத்துடனும் ஆஜராகவும்" என்று இருந்தது. நேரத்தைப் பற்றிக் கடிதத்தில் இருந்தது அவ்வளவுதான். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்தது, அவருக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்தது என்று வழிவழியாக வந்த வாசகம். 24 பேரும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு குழு. ஒருவருக்கு 20 நிமிஷம் பேச்சு, மதிப்பெண் எழுத 5 நிமிஷம், ஆக 25 நிமிஷம். 24-ஐ 25-ஆல் பெருக்கினால் 600 நிமிஷம், அதாவது 10 மணி நேரம். சாப்பாட்டு நேரம் இல்லாமலே இரவு 7.30 ஆகிவிடும். கடிதம் எழுதும்போது நான் உட்பட ஒருத்தரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. தேனியிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்த ஒரு பையன், பட்டியலில் அகர வரிசைப்படி கடைசி, ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் உள்ளே போனான். கேட்கிறவர்களுக்கும் அப்போது கேள்வி தீர்ந்துபோய்க் கொட்டாவி வந்துகொண்டிருந்தது. அவன் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று எழுதினார்கள். அவன் காலையில் முதல் ஆளாகப் போயிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

அதனால் இப்போதெல்லாம் கடிதத்தில் கை வைப்பதற்கு முன்னால் அந்த நாளைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கிறோம். அதே 24 பேர் என்று வையுங்கள். காலை 9.30 முதல் 10.30 வரை எல்லோருக்கும் எழுத்துத் தேர்வு. அரை மணியில் திருத்தி, 11 மணிக்குப் பெயர்களைப் படித்துவிடுகிறோம். 16 பேர் அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள், மற்றவர்கள் 11.15-க்கே ஊருக்குக் கிளம்பலாம். குழு ஒன்றுக்குப் பதில் இரண்டு. குழுவுக்கு எட்டுப் பேர், சாப்பாட்டுக்கு முன்னால் நான்கு பேர், பின்னால் நான்கு பேர். 11.15-க்கு ஆரம்பித்தால் 12.55-க்கு முதல் பாதி முடிந்துவிடும். 1.45-க்கு மறுபடி உட்கார்ந்தால் 3.25-க்கு டெக்னிக்கல் சுற்று முடிந்தது. டெக்னிக்கல் முடித்து வெளியே வருகிறவரை அப்படியே பக்கத்து அறைக்கு அனுப்பி 10 நிமிஷம் எச்.ஆர். பேச்சு. நாலு மணிக்குள் எல்லாம் ஓய்ந்துவிடும். இது தெரிந்த பிறகுதான் கடிதத்தில் ஒரு வரி எழுத முடியும்: "எல்லாச் சுற்றும் இருந்தால் மாலை 4 மணி ஆகும், திரும்பும் பஸ்ஸை 5 மணிக்குப் பிறகு பதிவு செய்யுங்கள்." இந்த ஒரு வரிக்காக எத்தனை பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? சம்பளம் எவ்வளவு என்று சொன்னபோதுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

தேதியில் இன்னொரு வேடிக்கை நடந்தது. பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டு, அங்கிருந்து வேர்டில் மெயில் மெர்ஜ் செய்து கடிதம் எடுப்போம். நான் எக்செல்லில் அடித்தது மார்ச் 7. கடிதத்தில் வந்தது 3/7. எக்செல்லில் பார்க்கும்போது நம் ஊர் வழக்கப்படி நாள் முன்னால், மாதம் பின்னால் என்று சரியாகத்தான் தெரியும், வேர்டுக்குள் போகும்போது அமெரிக்க வழக்கத்துக்கு மாறி மாதம் முன்னால் வந்து நிற்கும். நேரம் அதைவிட மோசம். 9.30 மணி என்று அடித்திருந்தது 0.395833333 என்று வந்தது, ஏனென்றால் எக்செல்லுக்கு நேரம் என்பது ஒரு முழு நாளில் எத்தனை பங்கு என்பதுதான், ஒன்பதரையை இருபத்து நாலால் வகுத்தால் அந்த எண்தான் வரும். நேரத்தைப் பார்த்து உடனே திருத்திவிட்டோம், கண்ணை உறுத்துகிறதே. தேதி உறுத்தவில்லை, அப்படியே போய்விட்டது. ஒரு பெண் போன் செய்து, "சார், ஜூலை 3-க்கு இப்போதே கடிதம் போட்டுவிட்டீர்களே, அவ்வளவு நாள் இருக்கிறதா?" என்று கேட்டாள். அவள் கேட்டாள், சரி. கேட்காமல் ஜூலைக்காகக் காத்திருந்தவர்கள் இருந்திருப்பார்களே. அதிலிருந்து தேதியையும் நேரத்தையும் எக்செல்லில் டெக்ஸ்ட்டாகவே அடித்துவிடுகிறோம், மாதத்தை எழுத்தில் எழுதுகிறோம், கிழமையையும் சேர்க்கிறோம். "மார்ச் 7, சனிக்கிழமை." ஒன்று தப்பாகப் போனாலும் நாள்காட்டியைப் பார்க்கிறவருக்கு மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது சான்றிதழ்களுக்கு வருகிறேன். அதிகம் பேர் பயப்படுவது இதற்குத்தான், அதிகம் பேரை நாம் தேவையில்லாமல் அலையவிடுவதும் இதில்தான். பழைய கடிதத்தில் "அசல் சான்றிதழ்கள் அனைத்தும்" என்று இருந்தது. அனைத்தும் என்றால் எது? பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், செமஸ்டர் வாரியான மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகச் சான்றிதழ் அல்லது பட்டம், ஆதார் மாதிரி ஓர் அடையாள அட்டை, இரண்டு போட்டோ. எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். இதைப் பெயர் சொல்லி எழுதாவிட்டால் ஒருவர் சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் என்று தாலுகா ஆபீஸுக்கும் கல்லூரிக்கும் நடையாய் நடந்து ஒரு பெட்டியோடு வருவார். இன்னொருவர், கடைசிப் பரீட்சையை முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர், பட்டமளிப்பு விழா நடக்கவில்லையே, பட்டம் கையில் இல்லையே என்று வராமலே இருந்துவிடுவார். அதனால் "முடிவு வராதவர்கள், இதுவரை வந்த செமஸ்டர்களின் மதிப்பெண் பட்டியலோடு வரலாம்" என்று தனியாக ஒரு வரி. இன்னொரு வேலையில் இருந்துகொண்டே வருகிறவர்களிடம் பழைய கடிதம் ரிலீவிங் லெட்டர் கேட்டது. யோசித்துப் பாருங்கள், அந்த லெட்டர் வேலையை விட்டால்தானே கிடைக்கும்! ஒருவர் நிஜமாகவே போன் செய்து, "முதலில் ராஜினாமா செய்துவிட்டு வர வேண்டுமா?" என்று கேட்டார். இப்போது அந்த இடத்தில் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு போதும் என்று மாற்றிவிட்டோம். அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் கையெழுத்தும் வேண்டாம், நகலில் நீங்களே கையெழுத்துப் போட்டால் போதும், அசலைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றும் எழுதுகிறோம். கடைசி விஷயம் முக்கியம். அசலை வாங்கி வைத்துக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன, அதைக் கேள்விப்பட்டவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

பெயர்ப் பிரச்சினை நம் ஊருக்கே உரியது. பத்தாவது சான்றிதழில் பெயரும் ஒரு இனிஷியலும்தான் இருக்கும். ஆதாரில் அந்த இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப் பெயராகியிருக்கும். கல்யாணமான பெண்களுக்கு சில ஆவணங்களில் அப்பாவின் இனிஷியல், சிலவற்றில் கணவரின் இனிஷியல். இதை நாங்கள் கண்டுகொள்ளவே மாட்டோம், ஆனால் கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி கண்டுகொள்வார். அவர் கையில் இருக்கிற பட்டியலில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர், உள்ளே விடமாட்டேன் என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அதுதான் அவர் வேலை. எனவே கடிதத்திலேயே "பத்தாவது சான்றிதழில் உள்ள பெயரில் இந்தக் கடிதம் வருகிறது, அடையாள அட்டையில் இனிஷியல் மாறியிருந்தால் பரவாயில்லை, கடிதத்தைக் காட்டுங்கள்" என்று எழுதி, செக்யூரிட்டிக்கும் அதே கடிதத்தில் ஒரு நகல் கொடுத்துவிடுகிறோம். எங்களுக்கு இரண்டு யூனிட் இருப்பதால் எந்த கேட் என்பதும் அதில் இருக்கும். காந்திபுரத்தில் ஏறினால் எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏறாதீர்கள், நம் ஸ்டாப்பில் நிற்காது, டவுன் பஸ்ஸில் ஏறுங்கள் என்பதும் இருக்கும். மதுரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சிங்காநல்லூரில் இறங்குவார்கள், அவர்களுக்குத் தனியாக வழி.

சுற்றுகளைப் பற்றி எங்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது. புரொடக்ஷனில் இருக்கிற ஒரு பெரியவர், "என்ன கேட்போம் என்று முன்கூட்டியே சொன்னால் மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுவார்கள்" என்றார். கேள்வியைச் சொல்லச் சொல்லவில்லையே, என்ன மாதிரி என்று சொல்லத்தானே போகிறோம் என்றேன் நான். "ஒரு மணி நேரத் தேர்வு, 40 கேள்வி, தப்புக்கு மதிப்பெண் கழிக்க மாட்டோம், கால்குலேட்டர் கொண்டுவரலாம். டெக்னிக்கல் சுற்றில் ஒரு பாகத்தின் டிராயிங் கொடுப்போம், வெர்னியரில் ஓர் அளவு எடுக்கச் சொல்வோம்." இவ்வளவுதான் எழுதினோம். வெர்னியரைக் கையில் எடுத்தே பழகாதவருக்குப் பத்து நாள் முன்னால் தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. மெயின் ஸ்கேலைப் படித்துவிட்டு, பொருந்துகிற கோட்டை எண்ணி 0.02-ஆல் பெருக்கிச் சேர்க்கிற பழக்கம் விரலில் இருக்க வேண்டும். பழகியவருக்கோ, சொல்லிவிட்டதால் கை நடுங்காது. பெரியவரும் அந்த வருஷம் குழுவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

காசு விஷயம் ஒளிக்காமல் எழுத வேண்டும். பஸ் கட்டணம் தருவோம், டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், வங்கிக் கணக்குக்கு வரும், மதியச் சாப்பாடு எங்கள் கேன்டீனில். தராத கம்பெனி தரமாட்டோம் என்றே எழுதலாம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை, வந்து நின்ற பிறகு சொல்வதுதான் கேவலம். இன்னொரு வரி, நாங்கள் விரும்பிச் சேர்த்ததில்லை: "எந்தக் கட்டத்திலும் நாங்கள் பணம் வாங்குவதில்லை." எங்கள் லெட்டர்ஹெட்டை அப்படியே போட்டு, இலவச மெயில் முகவரியிலிருந்து, திருப்பித் தரப்படும் டெபாசிட் என்று பணம் கேட்டு ஒரு போலிக் கடிதம் சுற்றியது. பணம் கட்டிவிட்டு கேட்டில் வந்து நின்ற ஒரு அப்பாவிடம் நான்தான் பேசினேன். அன்றிலிருந்து அந்த வரி கடிதத்தின் தலையிலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது.

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி, பின்பக்கம் முழுவதையும் தமிழில் அச்சடிக்கிறோம். பையனோ பெண்ணோ முன்பக்கத்தைப் படிப்பார்கள், அனுப்பி வைக்கிற வீடு பின்பக்கத்தைப் படிக்கும். நேர்காணலுக்குப் பத்து நாள் முன்னால் அனுப்பி, நாலு நாள் முன்னாலாவது வருவீர்களா மாட்டீர்களா என்று பதில் கேட்கிறோம், வராதவர் இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒருவரைக் கூப்பிட அந்த நாலு நாள் வேண்டும். கீழே ஒரு செல்போன் எண். முன்பெல்லாம் ஆபீஸ் லேண்ட்லைன் எண்தான் இருக்கும், ஒன்பது மணிக்குத்தான் ஆபீஸ் திறக்கும், ஆறு மணிக்கு சிங்காநல்லூரில் இறங்கி வழி தெரியாமல் நிற்கிறவர் யாரைக் கேட்பார்? இப்போது நேர்காணல் அன்று காலை ஐந்தரையிலிருந்து அந்த எண் என் கையில்தான் இருக்கும். போன வருஷம் முதல் அழைப்பு 5.40-க்கு வந்தது. "சார், டவுன் பஸ் என்று போட்டிருக்கிறதே, சிவப்பு வண்டியில் ஏறலாமா?" என்று கேட்டார் ஒருவர். கண்டக்டரிடம் ஸ்டாப்பின் பெயரைச் சொல்லி, நிற்கும் என்றால் ஏறுங்கள் என்றேன். இந்த வருஷக் கடிதத்தில் ஸ்டாப்பின் பெயரையும் சேர்த்தாகிவிட்டது.

வணக்கம்.