கார்பனேட்டுக்கு வயிற்று அமிலம் வேண்டும், சிட்ரேட்டுக்கு வேண்டாம்: ஏன்?

கேள்வி: "எனக்கு 63 வயது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை (பான்டோபிரசோல்) போடுகிறேன், கூடவே கால்சியம் கார்பனேட் மாத்திரையையும் போட்டுவிடுகிறேன். மருந்துக்கடையில், 'உங்களுக்கு இது சேராதும்மா, சிட்ரேட் வாங்குங்க, அதுக்கு அமிலம் வேண்டாம்' என்கிறார்கள். இரண்டும் கால்சியம்தானே சார், இதில் என்ன வித்தியாசம்?"

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி, அம்மா. மீதிப் பாதிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் சமையலறையில் ஒன்று செய்து பாருங்கள். முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட்தான். ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே கிடக்கும். இன்னொரு துண்டை எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். உடனே பொடிப்பொடியாக நுரை கிளம்பும். இந்த நுரையில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

மாத்திரை உடைந்து தூளானால் மட்டும் கால்சியம் உடம்பில் சேராது. தூள் கரைய வேண்டும். கால்சியம் தனியாகப் பிரிந்து நீரில் நின்றால்தான் சிறுகுடல் அதை எடுத்துக்கொள்ளும். கார்பனேட்டில் கால்சியமும் கார்பனேட்டும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சுமார் 15 மில்லிகிராம்தான் கரையும். அதற்கு மேல் ஒன்று பிரிந்தால் இன்னொன்று போய் ஒட்டிக்கொள்ளும்.

அமிலம் வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. அது கார்பனேட்டைப் பிடித்துத் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். வாயு ஏப்பமாக வெளியே போய்விடுகிறது. (கால்சியம் மாத்திரை போட்டால் வயிறு உப்புசமாக இருக்கிறது என்று பலர் சொல்வது இதனால்தான்.) ஜோடி போய்விட்டதால் கால்சியம் திரும்ப ஒட்டிக்கொள்ள ஆளில்லை. வேதியியலில் எழுதினால் இவ்வளவுதான்:

CaCO3 + 2HCl → CaCl2 + H2O + CO2

இந்தச் சமன்பாட்டில் நாம் கவனிக்காமல் விடுவது அந்த 2. அமிலம் இங்கே ஓரமாக நின்று உதவி செய்வதில்லை, செலவாகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் '500' என்று விற்கும் மாத்திரையில் பெரும்பாலும் 1250 மில்லிகிராம் கார்பனேட் இருக்கும், அதில் 500 மில்லிகிராம்தான் கால்சியம். அது முழுக்கக் கரைவதற்கு, நல்ல வீரியமான வயிற்று அமிலம் ஏறக்குறைய கால் லிட்டர் செலவாகும். வெறும் வயிற்றில் கிடப்பதோ சில ஸ்பூன் அளவுதான். சாப்பாடு உள்ளே போனால்தான் வயிறு அமிலத்தைத் தாராளமாகச் சுரக்கும். ஒரு மணி நேரம் போல ஆகும், அந்தக் கால் லிட்டர் கணக்கு நேராகிவிடும். சாப்பாட்டோடு போடுங்கள் என்று மருத்துவர் சொல்வது இதற்காகத்தான்.

உங்கள் விஷயத்தில் இரண்டு இடைஞ்சல்கள் சேர்ந்துகொண்டன. வயிறு காலி. அமிலம் சுரக்கும் பம்பையே அடைக்கிற மாத்திரையும் கூடவே. 65 வயதைத் தாண்டிய பெண்களுக்கு, உங்கள் கேஸ் மாத்திரையின் வகையையே சேர்ந்த ஒமிப்ரசோல் 20 மில்லிகிராம் ஒரு வாரம் கொடுத்து, வெறும் வயிற்றில் கார்பனேட் எவ்வளவு சேர்கிறது என்று அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். 2005இல் வந்த ஆய்வு அது. ஒமிப்ரசோல் இல்லாதபோது சுமார் 9 சதவீதம் சேர்ந்தது, ஒமிப்ரசோலோடு 3.5 சதவீதம்தான். கரையாத மிச்சம் சுண்ணாம்புத் தூளாகவே குடல் வழியாக வெளியேறிவிடும்.

சரி, சிட்ரேட்டுக்கு வருவோம். எலுமிச்சைச் சாற்றில் நுரைத்ததே அந்த ஓடு, நுரை அடங்கிய பிறகு கிண்ணத்தில் இருப்பது என்ன தெரியுமா? கால்சியம் சிட்ரேட். எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். அது கார்பனேட்டை வாயுவாக விரட்டிவிட்டு அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டது. உங்கள் வயிறு செய்ய வேண்டிய வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்ரேட் ஒன்றும் சர்க்கரை மாதிரி கரைந்துவிடாது. லிட்டருக்கு ஒரு கிராம் போலத்தான் கரையும். ஆனாலும் கார்பனேட்டோடு பார்த்தால் அறுபது மடங்குக்கு மேல். அப்புறம் இன்னொன்று: சிட்ரேட் கால்சியத்தை இறுக்கி உட்கார வைக்காமல், நீரிலேயே மிதக்கிற மாதிரி பிடித்துக்கொள்ளும். குடல் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் அந்த இடத்துக்கு அடுத்தது கரைந்து வரும். அமிலம் இருந்தால் இதுவும் வேகமாகக் கரையும்தான். இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடாது, அவ்வளவுதான்.

இதை நேராகக் காட்டியவர் ராபர்ட் ரெக்கர், அமெரிக்காவின் ஓமஹாவில். 1985இல் வெளிவந்தது. வயிற்றில் அமிலமே சுரக்காத நோயாளிகளுக்கு வெறும் வயிற்றில் இரண்டையும் கொடுத்துப் பார்த்தார். கார்பனேட்டிலிருந்து 4 சதவீதம், சிட்ரேட்டிலிருந்து 45 சதவீதம் சேர்ந்தது. இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வின் இன்னொரு பாதியை யாரும் சொல்வதில்லை. அதே அமிலமில்லாத ஆட்களுக்கு அதே கார்பனேட்டைச் சாப்பாட்டோடு கொடுத்தபோது மற்றவர்களுக்குச் சேர்கிற அளவு சேர்ந்தது! சாப்பாடு மாத்திரையை வயிற்றில் நெடுநேரம் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்புகிறது என்பது ஒரு விளக்கம்.

கடைக்காரர் விட்ட பாதி இதுதான். கார்பனேட் உங்களுக்குச் சேராது என்று சொல்ல முடியாது, காலை வெறும் வயிற்றில்தான் சேராது. கேஸ் மாத்திரை காலையிலேயே இருக்கட்டும், அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். கால்சியத்தை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு போடுங்கள். இரண்டு வேளை என்றால் ஒரே நேரத்தில் இரண்டாகப் போடாமல் மதியம் ஒன்று, இரவு ஒன்று. 500க்கு மேல் ஒரே தடவையில் போனால் சேரும் விகிதம் குறையும். பசியே எடுக்காமல் இரண்டு வாய்தான் சாப்பிடுகிறவர்கள், இரைப்பையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், கார்பனேட் போட்டால் மலச்சிக்கலில் தவிக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் நான் சிட்ரேட்டைத்தான் சொல்வேன்.

"ரத்தத்தில் கால்சியம் நார்மல் என்று வந்ததே, அப்படியானால் சேர்கிறதுதானே?" என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். அதை வைத்துச் சொல்ல முடியாது. குடலிலிருந்து வராவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்தாவது ரத்தத்தின் அளவைச் சரியாக வைத்திருக்கும்.

ஒருவேளை உங்கள் மருத்துவரும் சிட்ரேட்டுக்கே மாற்றினால், மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். கார்பனேட்டில் நூற்றுக்கு 40 கால்சியம், சிட்ரேட்டில் நூற்றுக்கு 21தான். 'கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் உள்ளே இருக்கும் கால்சியம் சுமார் 210. ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிப் போட்டீர்களானால் பழைய 500 பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே எத்தனை மாத்திரை என்பதையும் சேர்த்தே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.