ஒன்றே ஒன்று குறையும் விளம்பரங்கள்

வணக்கம் நேயர்களே.

கணக்குப் பிரிவில் இரண்டு வருடம் வேலை பார்த்த ஒரு பெண் என்னிடம் வந்தார். எக்செல் நன்றாகத் தெரியும். "அடுத்து பைத்தான் நிரல்மொழி படிக்கலாமா சார்? எந்த வேலை விளம்பரத்தைப் பார்த்தாலும் அதுதான் இருக்கிறது" என்றார். சரி, எண்ணிப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம்.

அவர் போக விரும்பிய தரவு ஆய்வு வேலைக்கு 60 விளம்பரங்களைச் சேர்த்தோம். ஒரே வேலையை மூன்று ஏஜென்சிகள் மூன்று விதமாகப் போட்டிருப்பார்கள். பொறுப்புகளின் பட்டியல் வரிக்கு வரி ஒத்துப்போனால் அது ஒரே வேலைதான். அப்படிப்பட்டவற்றைக் கழித்ததும் 46 மிஞ்சின. அதில் பைத்தான் கேட்டவை 21, தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். கேட்டவை 17. இங்கேயே நிறுத்தியிருந்தால் பைத்தான்தான் ஜெயித்திருக்கும்.

ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டால், இன்று விண்ணப்பிக்க முடியாத எத்தனை வேலைகளுக்கு நாளை விண்ணப்பிக்கலாம்? ஒவ்வொரு விளம்பரத்திலும் கட்டாயம் என்று கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு, அவரிடம் இல்லாததை அடிக்கோடிட்டோம். 'தெரிந்திருந்தால் நல்லது' என்ற வரிகளை விட்டுவிட்டோம். அது பெரும்பாலும் ஆசைப்பட்டியல். ஒரே ஒரு அடிக்கோடு விழுந்த விளம்பரங்களைப் பிரித்தால், எஸ்.க்யூ.எல். மட்டும் குறைந்தவை 8, பைத்தான் மட்டும் குறைந்தவை 2. பைத்தான் கேட்ட மற்ற இடங்களில் புள்ளியியலும் நான்கைந்து வருட அனுபவமும் சேர்ந்தே வந்தன.

சம்பளத்திலும் இதே கதைதான். அவருடைய இப்போதைய சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் விளம்பரங்களின் நடு மதிப்பு 160 வந்தது. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது, பாவம். அந்தக் கூடுதல் காசு பெரும்பாலும் அனுபவத்துக்குத்தான். இரண்டு வருட அனுபவம் போதும் என்றவற்றை மட்டும், அதுவும் சொன்ன வரம்பின் கீழ்முனையை எடுத்துப் பார்த்தால், பைத்தானுக்கு 125, எஸ்.க்யூ.எல்.லுக்கு 120. கீழ்முனையை ஏன் எடுக்கிறோம்? புதிதாக உள்ளே வருகிறவருக்கு மேல்முனையைத் தருவது அபூர்வம்.

அந்த ஐந்து புள்ளி வித்தியாசத்துக்கு எவ்வளவு உழைப்பு என்று பார்க்க வேண்டுமல்லவா? எக்செல்லில் கை பழகியவருக்கு, எஸ்.க்யூ.எல்.லில் அட்டவணைகளை இணைப்பதும் தொகுப்பதும் தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடும். பைத்தானில் வேலைக்கு ஆகிற அளவுக்கு வர அதைப்போல இரண்டு மடங்காவது பிடிக்கும். அவர் எஸ்.க்யூ.எல். பக்கம் போனார்.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. 46-ல் பாதிக்கு மேல் சம்பளமே சொல்லவில்லை. 120, 125 எல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய விளம்பரங்களிலிருந்து வந்தவை. எட்டுக்கு இரண்டு என்பது பெரிய இடைவெளி, அதனால் துணிந்து முடிவெடுத்தோம். ஐந்துக்கு நான்கு என்று வந்திருந்தால், ஒரு மாதம் கழித்துப் புது விளம்பரங்களை எடுத்து மறுபடி எண்ணச் சொல்லியிருப்பேன்.