வங்கிச் சான்றுக் கடிதம்: கையொப்பத்துக்கு முன் ஒரு வாசிப்பு

(திரையில்: மேசை மீது ஒரு பழைய பாஸ்புக், ஒரு பக்கக் கடிதம், சிவப்புப் பென்சில். ஜன்னலுக்கு வெளியே கோத்தகிரியின் மூடுபனி.)

வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கிக் கிளைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் யாராவது ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். போன வருடம் ஜூலை முதல் வாரத்தில் அப்படி வந்தவர், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு செவிலியர். சொந்த ஊர் கோத்தகிரிக்குப் பக்கம். அப்பாவுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம்.

“சார், நாளைக்கு இதை அப்லோட் செய்ய வேண்டும். ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்” என்று கடிதத்தை நீட்டினார்.

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறவர். கையில் பணம் இருக்கிறது என்று காட்ட அவர்கள் கேட்பது வங்கியின் அதிகாரபூர்வக் கடிதம். வங்கியின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கணக்குக்கும் எண், தொடங்கிய நாள், இப்போதைய இருப்பு, கடந்த 6 மாதச் சராசரி இருப்பு ஆகியவை வேண்டும். கடன்கள் இருந்தால் அவையும் வர வேண்டும். கேட்கிறவர்கள் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தும், நம் கிளைகளில் இந்தக் கடிதத்தை ஏதோ ஒரு பழைய மாதிரியை வைத்து அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பெண்ணின் கடிதமும் அப்படித்தான் இருந்தது.

(திரையில்: கடிதத்தின் இரண்டாவது வரி பெரிதாகிறது. தேதி: 05/10/2020)

முதலில் தேதி. கணக்கு 05/10/2020 அன்று தொடங்கப்பட்டது என்று கடிதம் சொன்னது. “நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா தொடங்கிக் கொடுத்த கணக்கு சார் இது” என்றார் அவர். பையிலிருந்து மேலட்டை கிழிந்த பாஸ்புக்கை எடுத்தார். முதல் பக்கத்தில், மங்கிய மையில், 2009 ஜூன் 12.

பதினோரு வருடம் எங்கே போயிற்று? 2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைக்கப்பட்டன. பெயர்ப்பலகை அன்றே மாறினாலும், கணக்குகள் புதிய வங்கியின் கணினிக்கு மாற்றப்பட்டது அதற்குப் பல மாதங்கள் கழித்துத்தான். அப்படி மாற்றும்போது சில கணக்குகளில், தொடங்கிய நாள் என்ற இடத்தில் மாற்றப்பட்ட நாளே உட்கார்ந்துகொண்டது. இவருடையதும் அதில் ஒன்று. கடிதம் தயாரித்த எழுத்தர் திரையில் பார்த்ததைத்தான் அடித்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மைனர் கணக்கை மேஜர் கணக்காக மாற்றும்போதும், ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாற்றும்போதும் இதே குழப்பம் நேரலாம். ஃபிக்சட் டெபாசிட்டில் இன்னும் சுலபமாக நேரும், ஏனென்றால் தானாகப் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் புதிய தேதி வந்துவிடுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். அது தொலைந்திருந்தால் பழைய ஸ்டேட்மெண்ட், பழைய வட்டிச் சான்று, எதுவானாலும் சரி. கணக்கு பிறந்த தேதிக்கு முன்னாலேயே அந்தக் கணக்கில் வட்டி வரவாகியிருந்தால் எங்கோ தவறு இருக்கிறது.

அதே வரியில் இன்னொரு வலை. 05/10/2020 என்றால் நமக்கு அக்டோபர் 5. கனடாவில் அதை மே 10 என்று வாசிக்கிறவர்களும் உண்டு. ஆகவே மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மேலாளர் கணினியில் இருக்கும் தேதியை நினைத்தபடி மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால் கணக்குத் தொடங்கும் படிவத்தையோ பழைய பதிவையோ பார்த்துவிட்டு, கடிதத்தில் இப்படி எழுதலாம்: “இந்தக் கணக்கு முந்தைய வங்கியில் 2009 ஜூன் 12 அன்று தொடங்கப்பட்டது, இணைப்புக்குப் பின் 2020 அக்டோபர் 5 முதல் தற்போதைய கணினி முறையில் தொடர்கிறது.” இரண்டு தேதியும் உண்மை, இரண்டுக்கும் காரணம் அதே வரியில் இருக்கிறது.

(திரையில்: ஒரு எண் மட்டும். 5,33,333)

இனி சராசரி. எனக்குப் பிடித்த இடம் இது. கடிதத்தில் 6 மாதச் சராசரி ரூ. 5,33,333 என்று இருந்தது. பார்த்தவுடன் சந்தேகம் வந்தது. கடைசியில் மூன்று மூன்றாக வந்தால், யாரோ ஒரு முழுத் தொகையை மூன்றாலோ ஆறாலோ வகுத்திருக்கிறார்கள். நாள்கணக்கில் போட்ட சராசரி இவ்வளவு அழகாக முடியாது.

ஸ்டேட்மெண்டை விரித்தோம். வட்டியையும் சில்லறைச் செலவுகளையும் விட்டுவிட்டுச் சொல்கிறேன். ஜனவரி 1 முதல் மார்ச் 29 வரை கணக்கில் 3 லட்சம். மார்ச் 30 அன்று ஒரு தொடர் வைப்பு முதிர்ந்து 2 லட்சம் வந்தது. அதன்பின் ஜூன் 24 வரை 5 லட்சம். ஜூன் 25 அன்று அப்பா 6 லட்சம் அனுப்பினார். ஜூன் 30 வரை 11 லட்சம்.

எழுத்தர் ஒவ்வொரு மாதக் கடைசி நாளின் இருப்பையும் எடுத்திருக்கிறார்: 3, 3, 5, 5, 5, 11. கூட்டினால் 32 லட்சம். ஆறால் வகுத்தால் 5,33,333. மார்ச்சில் இரண்டே நாள் இருந்த தொகை, மாதம் முழுவதும் இருந்ததாக ஆகிவிட்டது. ஜூனில் ஆறே நாள் இருந்த 11 லட்சத்துக்கும் அதே மரியாதை.

சரியான முறை, ஒவ்வொரு நாள் முடிவிலும் இருந்த இருப்பைக் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுப்பது. 181 நாளையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டியதில்லை. இருப்பு மாறாமல் இருந்த நாட்களை ஒன்றாகப் பெருக்கிவிடலாம்.

(திரையில் அட்டவணை ஒவ்வொரு வரியாக வருகிறது.)

88 நாள், 3 லட்சம் வீதம்: 264 லட்சம்.
87 நாள், 5 லட்சம் வீதம்: 435 லட்சம்.
6 நாள், 11 லட்சம் வீதம்: 66 லட்சம்.
ஆக 181 நாளுக்கு 765 லட்சம்.

வகுத்தால் ரூ. 4,22,652. கடிதம் சொன்னதைவிட ஒரு லட்சத்துக்கு மேல் குறைவு. எக்செலில் செய்கிறவர்கள் நாட்களை முதல் பத்தியிலும் இருப்பை இரண்டாவது பத்தியிலும் போட்டு இதைத் தட்டினால் போதும்:

```
=SUMPRODUCT(A2:A4,B2:B4)/SUM(A2:A4)
```

இதில் வேடிக்கை என்னவென்றால், வங்கிக்கு இந்தக் கணக்கு புதிதே அல்ல. 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்கு வட்டியை தினசரி இருப்பின் மீதுதான் கணக்கிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதற்கு முன்பு 10ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. ஆகவே தினசரி இருப்பு கணினியில் எப்போதும் இருக்கிறது, கேட்டால் கொடுக்கும். கேட்காமல், குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் போடுவதற்காகத் திரையில் காட்டும் மாதச் சராசரியை எடுத்து எழுதிவிடுகிறவர்களும் உண்டு. இவருக்கு அப்படி எழுதியிருந்தால் ஜூன் மாதச் சராசரியான 6,20,000 வந்திருக்கும்.

(திரையில்: 11,00,000 ஒரு பக்கம், 4,22,652 மறுபக்கம்.)

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. “குறைந்துவிட்டதே சார். பெரிய எண்ணே இருக்கட்டுமே?”

இருக்க முடியாது. கடிதத்தோடு ஸ்டேட்மெண்டும் அவர்கள் கைக்குப் போனால், நான் மேசையில் செய்ததை அங்கே யாரும் செய்து பார்க்கலாம். கடிதம் ஒன்று சொல்லி ஸ்டேட்மெண்ட் வேறு சொன்னால், அதன்பின் கடிதத்தில் எதை நம்புவார்கள்? சராசரிக்கும் இருப்புக்கும் இடைவெளி இருப்பது குற்றமல்ல. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அது எழுப்பும், அவ்வளவுதான். கடன் வாங்கிய பணத்தைக் காட்டக்கூடாது என்பது அவர்கள் விதி. இந்த 6 லட்சம் அப்பாவின் டெபாசிட் முதிர்ந்து வந்தது. அந்த டெபாசிட்டை முடித்த ரசீது, திருப்பிக் கேட்காத அன்பளிப்பு என்று அப்பா கையொப்பமிட்ட ஒரு கடிதம், இரண்டையும் சேர்த்து வைக்கச் சொன்னேன்.

சராசரி எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்றும் கடிதத்திலேயே இருக்க வேண்டும். “கடந்த 6 மாதம்” என்று மட்டும் இருந்தால், வாசிக்கிறவர் எந்த ஆறு மாதத்தை எடுப்பார் என்று நமக்குத் தெரியாது.

(திரையில்: கடிதத்தின் கடைசிப் பத்தி. சிவப்புப் பென்சில் ஒரு வரியை அடிக்கிறது.)

இனி சொற்கள். கடிதம் ஆங்கிலத்தில்தான் இருந்தது, தமிழில் சொல்கிறேன். “இவர் எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளர், நேர்மையானவர், வெளிநாட்டில் தங்கும் செலவைத் தாங்கும் வசதி படைத்தவர்.” படிக்க நன்றாக இருக்கிறது, கல்யாணப் பத்திரிகை போல. ஆனால் வங்கிக்குத் தெரிந்தது கணக்கு மட்டும். நேர்மையை எந்தப் பதிவேட்டில் பார்த்தார்கள்? வெளிநாட்டுச் செலவு எவ்வளவு என்று கிளைக்கு எப்படித் தெரியும்?

மேலாளர்கள் இங்கே தயங்குவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. லண்டனில் ஹெட்லி பைர்ன் என்ற விளம்பர நிறுவனம், தன் வாடிக்கையாளர் ஒருவரின் பண நிலை எப்படி என்று அவருடைய வங்கியான ஹெல்லரிடம் விசாரித்தது. வழக்கமான வியாபாரத்துக்கு நல்லவர்கள்தான் என்று பதில் வந்தது. அதை நம்பி, அவருக்காகக் கொடுத்த விளம்பரங்களின் கட்டணத்துக்கு அந்த நிறுவனம் தானே பொறுப்பேற்றது. வாடிக்கையாளர் நொடித்துப்போக, 17,000 பவுண்டு போயிற்று. 1963இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பில் வங்கி தப்பியது. தப்பவைத்தது, தங்களுக்குப் பொறுப்பில்லை என்று கடிதத்தில் இருந்த ஒரு வரி. கவனமில்லாமல் கொடுத்த நற்சான்றுக்கு வங்கி பொறுப்பாகலாம் என்பதையும் அதே தீர்ப்புதான் சொன்னது. நம் வங்கிக் கடிதங்களின் அடியில் “வங்கிக்கோ அதன் அலுவலர்களுக்கோ எந்தப் பொறுப்பும் இல்லை” என்ற வரியைப் பார்த்துப் பலர் பதறி, அதை நீக்கச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். வேண்டாம். அது வழக்கமான வரி, இருக்கட்டும்.

புகழ்ச்சியை அடித்துவிட்டு, “எங்கள் பதிவேடுகளின்படி, கணக்கு இன்றுவரை திருப்திகரமாக நடத்தப்பட்டு வருகிறது” என்று எழுதச் சொன்னேன். இருப்புக்கு நேராக “2025 ஜூன் 30 வேலை நேர முடிவில்” என்றும், அந்தத் தொகையை எடுக்கவிடாமல் நிறுத்தி வைக்கும் பிடிப்பு எதுவும் இல்லை என்பது உண்மையானால் அதையும் சேர்க்கச் சொன்னேன்.

கடைசியாகக் கேட்டேன்: “கடன் ஏதாவது உண்டா, அம்மா?”

சற்றுத் தயங்கினார். “நகைக்கடன் 80,000 இருக்கிறது சார். மேலாளர், அது வேண்டாம், நான் போடவில்லை என்றார்.”

நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார். ஆனால் கேட்ட விவரத்தை விட்டுவிட்டுக் கையொப்பமிடுவது உதவி ஆகாது. ஒரு வரி போதும்: நகைக்கடன், நிலுவை இவ்வளவு, இந்தத் தேதியில்.

மறுநாள் காலை கிளைக்கு அவரோடு நானும் போனேன். மேலாளர் இளைஞர், என் சிவப்புப் பென்சில் குறிகளைப் பார்த்து முதலில் முகம் சுளித்தார், 181 நாள் கணக்கைத் தானே ஒரு தடவை போட்டுப் பார்த்தார், பிறகு புதிய கடிதம் அடிக்கச் சொன்னார். அச்சாகி வரும்போது மின்சாரம் போய்விட்டது. அரை மணி நேரம் காத்திருந்து, கையொப்பம், பெயர், பதவி, முத்திரை, கிளையின் தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு வெளியே வந்தோம். அவருக்கு மேட்டுப்பாளையம் பஸ் தயாராக நின்றது.

(திரையில்: புதிய கடிதம். 2009 ஜூன் 12. ரூ. 4,22,652.)