சாம்பிள் கேட்டு ஒரு கடிதம்

நேயர்களுக்கு வணக்கம். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் பல வருஷம் ஆர்டர் புத்தகம் எழுதியவன் நான். இப்போது கொழிஞ்சாம்பாறையில் அண்ணன் மகள் நடத்துகிற சின்னத் துணிக்கடைக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். அதனால் கடைக்காரர் எழுதுகிற கடிதத்தையும், அதைப் படிக்கிற மொத்த வியாபாரியையும், ரெண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன்.

எல்லைக்கு இந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற நம்ம தமிழ்க் கடைகளிலிருந்து ஈரோட்டுக்கு வருகிற கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "புது நைட்டி ரகம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். கேட்லாக்கும் சாம்பிளும் அனுப்பி வைக்கவும்." அவ்வளவுதான். மொத்தக் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் ஒன்றும் பிடிபடாது. கடை பெரியதா சின்னதா, எந்த ரேட்டில் ஓடும், காட்டனா ரயானா, எப்போது வேண்டும், எதுவுமே தெரியாது. அவர் செல்போனில் நாற்பது போட்டோவை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார், சாம்பிள் வரவே வராது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஈரோட்டு வாரச்சந்தை திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை நடக்கிறது, கேரள வியாபாரிகள் கூட்டமாக வந்து இறங்குகிற நேரம் அது, அந்த ரெண்டு நாளில் வருகிற கடிதத்தை யாரும் உட்கார்ந்து படிக்க முடியாது. எழுதுகிறவர் புதன் அல்லது வியாழன் கையில் கிடைக்கிற மாதிரி அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

அண்ணன் மகள் வைகாசி மாதம் அனுப்பிய கடிதத்தை அப்படியே வாசிக்கிறேன், அப்புறம் ஒவ்வொன்றாகப் பேசலாம்.

"ஐயா, வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் பெண்கள் உடை மட்டும் விற்கிற சின்னக் கடை எங்களுடையது. எங்களிடம் அதிகம் ஓடுவது காட்டன் நைட்டி, முன்பக்கம் ஜிப் வைத்தது, விற்பனை விலை 280 முதல் 350 ரூபாய் வரை. இந்த விலைக்கு எங்களுக்கு வரி சேர்க்காமல் 190 முதல் 230 ரூபாய்க்குள் கிடைக்க வேண்டும். நீங்கள் புதிதாகப் போட்டிருக்கும் பிரிண்ட் காட்டன் ரகத்தின் கேட்லாக், டிசைன் நம்பருடனும் அளவு அட்டவணையுடனும் வேண்டும். ரியாக்டிவ் பிரிண்டா பிக்மென்ட் பிரிண்டா என்றும் எழுதுங்கள். எல்லா டிசைனுக்கும் துணிக் கட்டிங் மட்டும் போதும். கருநீலம், மெரூன் இந்த ரெண்டு கலரில் மட்டும், டபுள் எக்ஸ்எல் சைஸில், கலருக்கு ரெண்டு பீஸ் வீதம் முழு நைட்டி வேண்டும். இப்போது விற்பனைக்கு ஓடிக்கொண்டிருக்கும் லாட்டிலிருந்தே எடுத்து அனுப்புங்கள். நாலு பீஸுக்கும் பில் போடுங்கள், பணம் அனுப்புகிறோம். செட்டாகத்தான் எடுக்க வேண்டுமா, டபுள் எக்ஸ்எல் கூடுதலாகக் கிடைக்குமா என்றும் சொல்லுங்கள். ஓணத்துக்கு ஆடி முடிவதற்குள் சரக்கு கடையில் இருக்க வேண்டும், அதனால் ஆனி பத்து தேதிக்குள் முடிவு சொல்லிவிடுகிறோம். எங்கள் ஜிஎஸ்டி எண் கீழே இருக்கிறது."

கேட்லாக் என்றால் வாட்ஸ்அப் படம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. படத்தில் டிசைன் தெரியும், கலர் சரியாகத் தெரியாது, துணியின் கனம் தெரியவே தெரியாது. அதனால்தான் எல்லா டிசைனுக்கும் உள்ளங்கை அளவு கட்டிங் கேட்டிருக்கிறாள். கட்டிங் மொத்தக் கடைக்காரருக்குச் செலவில்லை, கவரில் போட்டு அனுப்பிவிடலாம், யோசிக்காமல் கொடுப்பார். முழு நைட்டிக்குத்தான் யோசிப்பார். அதைக் குறைத்துக் கேட்டால்தான் கிடைக்கும்.

சாம்பிளுக்கு பில் போடச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு, அதை வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை மொத்த வியாபாரி வரவு எடுத்துக்கொள்ள முடியாது, சட்டம் அப்படித்தான். அதனால் இலவச சாம்பிள் அவருக்குத் துணி விலைக்கு மேலேயும் ஒரு நஷ்டம். பில் போடுங்கள் என்று நாமே முதலில் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சே எழாது, முதல் ஆர்டரில் அதைக் கழித்துக்கொள்ளலாமா என்று பிறகு கேட்கலாம், பல பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கடிதத்திலேயே எழுதுவது இன்னொரு காரணத்துக்காக. நம்ம எண் 32-இல் தொடங்கும், அது கேரளா. ஈரோட்டு எண் 33. கடைக்காரர் தமிழில் எழுதுவதைப் பார்த்து தமிழ்நாட்டுக் கடை என்றே நினைத்து, மத்திய வரி பாதி, மாநில வரி பாதி என்று பில் போட்டு அனுப்பிவிடுவார்கள். வேறு மாநிலத்துக்கு ஐஜிஎஸ்டிதான் போட வேண்டும். தப்பாகப் போட்ட பில்லைத் திருத்தி வாங்குவது பெரிய இழுபறி. அண்ணன் மகள் கடை காம்போசிஷனில் இருக்கிறது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அது செலவோடு சேர்ந்துவிடும். 220 ரூபாய் நைட்டிக்கு 5 சதவீதம் வரி 11 ரூபாய், லாரி வாடகை ஒரு பீஸுக்கு நாலு ரூபாய் என்று வைத்தால் 235 ஆகிவிடுகிறது. கடிதத்தில் வரி சேர்க்காத விலை 230-க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

சரி, ஏன் கருநீலமும் மெரூனும், ஏன் டபுள் எக்ஸ்எல்? சாயம் போகிற துணி என்றால் முதலில் காட்டிக்கொடுப்பது அடர்ந்த கலர்தான். வெளிர் மஞ்சளைத் துவைத்துப் பார்த்து ஒரு விஷயமும் தெரியாது. சைஸும் அதேபோல, மார்பளவும் அக்குள் வெட்டும் பெரிய சைஸில்தான் பிசகும், ஏனென்றால் எம் சைஸ் பேட்டர்னை அப்படியே பெரிதாக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டபுள் எக்ஸ்எல் என்று லேபிள் இருந்தாலும் ஒரு கடையின் மார்பளவு இன்னொரு கடையோடு ஒத்துப்போகாது. அதற்குத்தான் அளவு அட்டவணை.

கலருக்கு ரெண்டு பீஸ் கேட்டது, ஒன்று துவைக்க, ஒன்று துவைக்காமல் அப்படியே வைக்க. இதை நிறைய பேர் செய்வதில்லை. ஒரே பீஸ் வாங்கித் துவைத்துவிட்டால், பிறகு பண்டல் வரும்போது சாம்பிளோடு ஒப்பிட்டுப் பார்க்க கையில் ஒன்றும் இருக்காது.

நாலு பீஸும் பத்து நாளில் வந்து சேர்ந்தன, கட்டிங் கவரோடு. பிரிண்ட் ரியாக்டிவ் என்று எழுதியிருந்தார். ரியாக்டிவ் சாயம் நூலுக்குள்ளேயே பிடிக்கும், பிக்மென்ட் துணி மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், கையால் தடவினால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், உரசுகிற இடத்தில் நாளடைவில் வெளுக்கும். துவைக்கும் முன்னால் நைட்டியை மேஜையில் விரித்துத் தோளிலிருந்து கீழ் ஓரம் வரை அளந்தாள், ரெண்டுமே 56 அங்குலம். வீட்டில் எப்போதும் போடுகிற சோப்புத்தூளில் ஊறவைத்து, பிழிந்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு மறுபடி அளந்தாள். இப்படி மூன்று தடவை. காட்டன் முதல் துவைப்பில்தான் அதிகம் சுருங்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. ஈரமாக இருக்கும்போதே வெள்ளைக் கைக்குட்டையை அழுத்தித் தேய்த்தும் பார்த்தாள்.

கருநீலம் 54.5 அங்குலத்தில் நின்றது, கைக்குட்டையில் லேசான நீலம், ரெண்டாம் துவைப்பில் அதுவும் இல்லை. மெரூன் 52.5-க்கு வந்துவிட்டது. மூன்றரை அங்குலம் குறைந்தால் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும், வாங்கிய அம்மா அடுத்த வாரமே கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார். இன்னொன்றும் நடந்தது. துணி சுருங்குகிறது, ஜிப்பின் பட்டி பாலியஸ்டர், அது சுருங்காது, அதனால் மெரூனில் ஜிப் நெளிந்து அலை அலையாக நின்றது. அளவுநாடா இல்லாமலேயே சுருக்கத்தைக் கண்டுபிடிக்க இந்த ஜிப்பைப் பார்த்தால் போதும்.

ஒரே ரகத்தில் ரெண்டு கலருக்கு இவ்வளவு வித்தியாசம் என்றால் துணி ஒரே இடத்தில் ப்ராசஸ் ஆகவில்லை என்று சந்தேகப்படலாம். அதை அவள் கோபமாக எழுதவில்லை. அளவை மட்டும் எழுதினாள்: "கருநீலம் 56-லிருந்து 54.5, மெரூன் 56-லிருந்து 52.5, மூன்று துவைப்புக்குப் பிறகு. மெரூன் வேறு லாட்டா? கருநீலத்தின் அதே லாட்டில் இருக்கிற டிசைன்களின் நம்பரை மட்டும் கொடுங்கள், அவற்றில் ஆர்டர் போடுகிறோம்." மொத்தக் கடைக்காரர் மறுநாளே போன் பண்ணினார். மெரூன் வேறு யூனிட்டில் ஓட்டியது என்று ஒத்துக்கொண்டு, ஒன்பது டிசைன் நம்பர் கொடுத்தார். செட்டில் நாலு சைஸும் ஒவ்வொன்று வரும், ஆனால் ஆறு செட்டுக்கு மேல் எடுத்தால் டபுள் எக்ஸ்எல் தனியாகச் சேர்த்துத் தருகிறேன் என்றும் சொன்னார். இந்தப் பேச்சு போனில் நடந்தால், முடிந்த கையோடு அதை ரெண்டு வரியில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். போனில் சொன்னது எந்தப் பக்கமும் ஞாபகம் இருக்காது.

பண்டல் வந்ததும் துவைக்காமல் வைத்த கருநீலப் பீஸை எடுத்து, ஒவ்வொரு டிசைனிலும் ஒன்றை அதன் மேல் வைத்து அளந்து, துணியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அலமாரிக்கு ஏற்ற வேண்டும். ஒரு பீஸை அன்றைக்கே துவைத்தும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் விலைச்சீட்டு ஒட்டுவதற்கு முன்னாலேயே, லாட் மாறியிருக்கிறது என்று படத்தோடு எழுதுங்கள். சீட்டு ஒட்டிய சரக்கை எந்த மொத்தக் கடையும் திரும்ப எடுக்காது. அந்த சாம்பிளை, அந்த ரகம் கடையில் இருக்கிற வரை விற்றுவிடாதீர்கள், ரீ-ஆர்டருக்கும் அதுதான் அளவு.

நன்றி, வணக்கம்.