அறுபது பேர் வகுப்பில் ஜோடியாக ஆங்கிலம் பேச வைப்பது எப்படி?

[திரையில்: பெஞ்சுகள் நெருக்கியடித்த வகுப்பறை]

40 நிமிட பீரியட், 60 பிள்ளைகள். ஒவ்வொருவராக எழுப்பிப் பேச வைத்தால் ஆளுக்கு 40 வினாடிகூடத் தேறாது. ஜோடியாக விட்டால் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். ஆனால் நான் முதலில் பாடப்புத்தக உரையாடலைக் கொடுத்தேன். கேள்வியும் பதிலும் இருவர் கண்முன்னும் இருந்ததால் யாருக்கும் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. இரண்டு நிமிடத்தில் வாசித்துவிட்டு அரட்டையில் இறங்கிவிட்டார்கள்.

ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியக்கூடாது. இதற்கு ஜெராக்ஸ் வேண்டாம். கரும்பலகையும் பின்சுவரில் ஒரு சார்ட்டும் போதும்.

[திரையில்: இரண்டு அட்டவணைகள்]

கடற்கரை - தாம்பரம் ரயிலை எடுத்துக்கொள்வோம். நேரங்கள் பயிற்சிக்காக நாமே போடுபவை. பலகையில் எழும்பூர் 8:05, மாம்பலம் 8:15, பரங்கிமலை 8:24. சார்ட்டில் நுங்கம்பாக்கம் 8:10, கிண்டி 8:21, தாம்பரம் 8:42. ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் பெஞ்சுக்காரர்கள் பின்னால் திரும்பி உட்காரட்டும். அவர்களுக்கு சார்ட் தெரியும், எதிரே இருப்பவருக்குப் பலகை தெரியும். முதல் பெஞ்சுக்குப் பின்சுவர் தூரம் என்பதால் சார்ட்டில் உள்ளங்கை உயரத்துக்கு எழுதுங்கள். ஒருவர் வராவிட்டால், துணையில்லாதவர் பக்கத்து ஜோடியில் மூன்றாமவராகச் சேர்ந்து மாறி மாறிக் கேட்கட்டும்.

முதல் பத்து நிமிடம் இரண்டு வாக்கியங்களை எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பழகட்டும். ஒன்று, "வாட் டைம் டஸ் த ட்ரெயின் ரீச் கிண்டி?" இன்னொன்று, "சாரி, கேன் யூ சே தட் அகெய்ன்?" இரண்டாவதுதான் முக்கியம். அது வாயில் வராத பிள்ளை, காதில் சரியாக விழாத உடனே தமிழுக்குப் போய்விடும். பிறகு இரண்டு பேரை எழுப்பிச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அப்புறம் பத்து நிமிடம் ஜோடிகளுக்கு. ஆறு ஸ்டேஷன்களையும் நோட்டில் வரிசையாக எழுதி நேரத்தை நிரப்ப வேண்டும்.

[திரையில்: 8:15, 8:50]

இதில் அடிக்கடி வரும் தவறு ஒன்று உண்டு. மாம்பலம் "எய்ட் ஃபிஃப்டீன்" என்றதை எதிரே இருப்பவர் "எய்ட் ஃபிஃப்டி" என்று எழுதிவிடுவார். வரிசையில் அடுத்து வரும் கிண்டி 8:21 என்று தன் சார்ட்டிலேயே இருப்பதால் மாம்பலம் 8:50 ஆக முடியாது என்று அவரே கண்டுபிடிப்பார். உடனே "ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஸீரோ?" என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் போய்த் திருத்தாமலே சரியாகிவிடும்.

சத்தம் வரும், வரட்டும். மூன்று நிமிடத்திலேயே அடங்கினால்தான் சந்தேகப்படுங்கள். யாரோ கழுத்தைத் திருப்பிப் பார்த்து எழுதியிருப்பார்கள், அல்லது விரலால் எண்ணைக் காட்டியிருப்பார்கள். நிறுத்த நீங்கள் கத்த வேண்டாம். கையை உயர்த்துங்கள், பார்ப்பவர்களும் உயர்த்தட்டும்.

30 ஜோடியையும் ஒரே நாளில் கேட்க முடியாது. ஒரு நாளைக்கு ஆறு ஜோடி அருகில் நின்று, காதில் விழும் தவறுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளில் எல்லோரையும் கேட்டுவிடலாம். மறுநாள் நேரங்களை மாற்றி, இரண்டாம், நான்காம், ஆறாம் பெஞ்சுக்காரர்களை முன்னால் கொண்டுவந்து திரும்பி உட்கார வையுங்கள்.