முடிவிலியும் எல்லையும்: முதலில் எண்ணைச் சொல்வது யார்?

[திரையில்: f(x) = 1/(x − 2)² வரைபடம், x = 2-இல் புள்ளிக்கோடு]

வணக்கம். இந்த வரைபடத்தைக் கொஞ்சம் பாருங்கள். x, 2-ஐ நெருங்க நெருங்க, வளைகோடு இரண்டு பக்கமும் மேலேறித் திரையை விட்டே போய்விடுகிறது. இதை இப்படி எழுதுவோம்:

lim(x→2) f(x) = ∞

வாய்விட்டுப் படிக்கும்போது “f(x) முடிவிலியை நெருங்குகிறது” என்போம். இங்கேதான் சிக்கல். f(x) 5-ஐ நெருங்குகிறது என்றால், 5-க்கும் f(x)-க்கும் இடையே உள்ள தூரம் குறைகிறது என்று பொருள். முடிவிலிக்கும் f(x)-க்கும் என்ன தூரம்? கழித்துப் பார்க்க அங்கே ஓர் எண்ணே இல்லை. ஜான் வாலிஸ் 1655-இல் ∞ என்ற குறியை அச்சில் கொண்டுவந்தார். எல்லைக் கணக்கில் அந்தக் குறி ஒரு முழு வாக்கியத்துக்குச் சுருக்கம், அவ்வளவுதான். அந்த வாக்கியத்தைத்தான் இப்போது எழுதப் போகிறோம்.

[திரையில்: வரையறை 1]

ஒவ்வொரு M > 0 க்கும் ஒரு δ > 0 இருக்கிறது. 0 < |x − a| < δ ஆக இருக்கும் எல்லா x-க்கும் f(x) > M.

இதில் முடிவிலி என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? இதை இருவர் ஆடும் ஆட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். எதிராளி முதலில் M-ஐச் சொல்கிறார். ஆயிரமோ, பத்து லட்சமோ, அவர் இஷ்டம். அதைக் கேட்ட பிறகு நாம் δ-வைச் சொல்கிறோம். அந்த δ தூரத்துக்குள் எந்த x-ஐ எடுத்தாலும் (a-யைத் தவிர) f(x) அவருடைய M-ஐத் தாண்டியாக வேண்டும். M-ஐப் பார்த்து δ-வைத் தேர்ந்தெடுக்கலாம், x-ஐப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்வுத் தாளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த வரிசை மாறுவதால்தான்.

[திரையில்: ரஃப் வேலை, பக்கத்திலேயே நிரூபணம்]

சரி, நம் சார்புக்கே வருவோம். முதலில் ரஃப் வேலை. நமக்கு 1/(x − 2)² > M வேண்டும். அதாவது (x − 2)² < 1/M. வர்க்கமூலம் எடுத்தால் |x − 2| < 1/√M. δ கிடைத்துவிட்டது. எதிராளி M = 10000 என்றால் நாம் 0.01 என்போம்.

ஆனால் இது இன்னும் நிரூபணம் ஆகவில்லை. ரஃப் வேலை விடையிலிருந்து பின்னோக்கி வந்தது, நிரூபணம் முன்னோக்கிப் போக வேண்டும். இப்படி எழுதுங்கள்:

M > 0 கொடுக்கப்பட்டிருக்கட்டும். δ = 1/√M என்று எடுப்போம். 0 < |x − 2| < δ எனில், 0 < (x − 2)² < 1/M. எல்லாமே மிகை எண்கள் என்பதால் தலைகீழாக்கும்போது குறி திரும்பும்: 1/(x − 2)² > M. முடிந்தது.

“0 <” என்பதை அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் x = 2-உம் உள்ளே வந்துவிடும், அங்கே சார்புக்கு மதிப்பே கிடையாது.

[திரையில்: g(x) = (1/x) sin(1/x), 0-க்கு அருகே பெரிதாக்கிய படம்]

இப்போது கொஞ்சம் ஏமாற்றும் சார்பு ஒன்று. 0-க்கு அருகே இந்த g(x) எவ்வளவு பெரிய மதிப்பையும் தொடும். x = 1/(2nπ + π/2) என்று வைத்துப் பாருங்கள்: சைன் மதிப்பு 1, ஆகவே g(x) = 2nπ + π/2. n-ஐக் கூட்டினால் இதுவும் கூடிக்கொண்டே போகும். அப்படியானால் எல்லை ∞ தானே?

இல்லை. எதிராளி M = 1 என்று மட்டும் சொல்லட்டும், நாம் தோற்றுவிடுவோம். நாம் எந்த δ-வைச் சொன்னாலும், 1/(nπ) < δ ஆகும்படி அவர் ஓர் n-ஐ எடுத்துவிடுவார். x = 1/(nπ) என்றால் sin(nπ) = 0, அதனால் g(x) = 0. அது 1-ஐத் தாண்டவில்லை. அதாவது, வரம்பில்லாமல் உயர்வது வேறு, முடிவிலிக்குப் போவது வேறு. முதலாவதற்கு எப்போதாவது M-ஐத் தாண்டினால் போதும். இரண்டாவதற்கு, δ-வுக்குள் வந்த பிறகு ஒரு x கூடக் கீழே இறங்கக் கூடாது. வரையறையில் “எல்லா x-க்கும்” என்ற சொல் செய்யும் வேலை இதுதான்.

[திரையில்: வரையறை 2]

அடுத்து, x முடிவிலிக்குப் போகும்போது உள்ள எல்லை. இங்கே பாத்திரங்கள் இடம் மாறுகின்றன. எதிராளி சிறிய எண்ணைச் சொல்வார், நாம் பெரிய எண்ணைச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு ε > 0 க்கும் ஓர் N இருக்கிறது. x > N ஆக இருக்கும் எல்லா x-க்கும் |f(x) − L| < ε.

எடுத்துக்காட்டு: f(x) = (3x² + 5x)/(x² + 1), L = 3. கழித்தால்:

f(x) − 3 = (5x − 3)/(x² + 1)

இது ε-ஐ விடச் சிறியது என்று எழுதி x-க்குத் தீர்க்கப் போனால், இருபடி அசமன்பாட்டில் மாட்டிக்கொள்வோம். அது தேவையே இல்லை. மிகச் சிறிய N எது என்று யாரும் கேட்கவில்லை, ஏதாவது ஒரு N போதும். அதனால் தாராளமாக மதிப்பிடுவோம். x > 1 எனில் தொகுதி 5x − 3 மிகை எண், 5x-ஐ விடச் சிறியது. பகுதி x² + 1, x²-ஐ விடப் பெரியது. எனவே:

|f(x) − 3| < 5x/x² = 5/x

இனி நிரூபணம் எளிது. ε > 0 கொடுக்கப்பட்டிருக்கட்டும். 1, 5/ε இரண்டில் பெரியதை N என்று எடுப்போம். x > N எனில் x > 1, ஆகவே மேலே உள்ள மதிப்பீடு செல்லும். x > 5/ε என்பதால் 5/x < ε. இரண்டையும் சேர்த்தால் |f(x) − 3| < ε. முடிந்தது.

ε = 0.01 என்றால் நம் N 500. இருபடியைப் பொறுமையாகத் தீர்த்தவருக்கு 499.4 அளவில் கிடைக்கும். அரை எண்ணுக்காக அத்தனை பாடு வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் N-இல் உள்ள அந்த 1-ஐ மறந்துவிடாதீர்கள். எதிராளி ε = 100 என்றால் 5/ε வெறும் 0.05 தான், அப்போது x > 1 என்ற நிபந்தனை கைவிட்டுப் போயிருக்கும்.

[திரையில்: y = ln x, x = 1 முதல் 10,00,000 வரை]

கடைசியாக, இரண்டு வரையறைகளும் கலந்த ஒன்று: x → ∞ ஆகும்போது ln x → ∞. படத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றாது. x பத்து லட்சம் ஆகும்போது உயரம் 13.8 தான். ஒரு கோடிக்குப் போனாலும் 16.1. ஏதோ ஓர் உயரத்தில் படுத்துவிடும் போலத்தான் இருக்கிறது.

வரையறையை நாமே கட்டிவிடலாம்: ஒவ்வொரு M-க்கும் ஓர் N, x > N எனில் ln x > M. இங்கே N = eᴹ என்று எடுங்கள். ln ஏறும் சார்பு, எனவே x > eᴹ எனில் ln x > ln(eᴹ) = M. நிரூபணம் ஒரே வரி. எதிராளி M = 100 என்று கேட்டால் நாம் சொல்ல வேண்டிய N ஏறத்தாழ 2.7 × 10⁴³. எந்தத் திரையிலும் அந்த இடம் வரை வரைந்து காட்ட முடியாது, ஆனால் அசமன்பாடு அங்கேயும் செல்லும்.

ஒரு கணக்கு உங்களுக்கு: x → ∞ ஆகும்போது x sin x-க்கு எல்லை ∞ இல்லை என்று காட்டுங்கள். எதிராளி எந்த M-ஐச் சொல்வார், எந்த x-களைக் காட்டுவார் என்று மட்டும் கமெண்டில் எழுதினால் போதும்.