வீங்காத பக்கம்: நாம்பன் கன்றுக்கு இரத்தமில்லாமல் நலமடித்தபோது நடந்தது

எல்லாருக்கும் வணக்கம். நீர்வேலியில் எங்கள் மாட்டுக் கொட்டிலில் இருந்துதான் கதைக்கிறேன். பின்னால் வைக்கல் தின்றுகொண்டு நிற்கிறானே, அந்தச் செவலையன், இன்றைய கதை அவனுடையதுதான். போன காணொளிக்குக் கீழே நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், நாம்பன் கன்றுக்கு நலமடிக்க எந்த வயது நல்லது, பர்டிசோ இடுக்கி போட்டால் போதுமா, வெட்டத் தேவையில்லையா என்று. போதும். ஆனால் எங்களுக்கு முதல் தரம் ஒரு பக்கம் தவறிவிட்டது. அதை மூன்று நாளிலேயே கண்டுபிடித்திருக்கலாம், நாங்கள் ஆறு கிழமை கழித்துத்தான் கண்டோம். ஏன் என்பதைத்தான் இன்று விளக்கமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் இந்த இடுக்கியைப் பாருங்கோ. இது மிருக வைத்தியருடையது, காட்டுவதற்காக இன்றைக்கு வாங்கி வைத்திருக்கிறேன். இத்தாலியில் பர்டிசோ என்பவர் செய்த கருவி, அவர் பெயரிலேயே உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். இதன் வாய் கத்தி மாதிரிக் கூரானது இல்லை, மொட்டையானது. மூடும்போது தோல் வெட்டுப்படாது. தோலுக்குள்ளே விதைக்குப் போகிற நாண் இருக்கிறது இல்லையா, இரத்தக் குழாய், நரம்பு, விந்துக் குழாய் எல்லாம் சேர்ந்த அந்த நாண் மட்டும் நசிந்து அறும். இரத்தம் போகாத விதை சில கிழமைகளில் வற்றிச் சுருங்கிவிடும். வெளியே புண் இல்லாததால் இலையானுக்கும் புழுவுக்கும் இடமில்லை. எங்கள் ஊர் மாரி காலத்துச் சேற்றை நினைத்தால் இது பெரிய விஷயம்.

ஒன்று கவனியுங்கோ, இந்த இடுக்கியை மூடியபடி வைக்கக்கூடாது. மூடியே கிடந்தால் அழுத்தம் தளர்ந்துவிடும். போடுவதற்கு முன்னம் வைத்தியர் ஒரு சின்னச் சோதனை செய்தார். ஒரு நூலை இரண்டு மட்டைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்து இடுக்கியை மூடினார். நூல் அறுந்தது, மட்டை அறவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். நூல் அறாவிட்டால் நாணும் அறாது. மட்டையே வெட்டுப்பட்டால் கன்றின் தோலும் வெட்டுப்படும்.

சரி, வயது. செவலையன் தை மாதக் கடைசியில் பிறந்தவன். சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு, ஏறக்குறைய 11 கிழமையில் செய்தோம். இரண்டு மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில் செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பிறந்த சில நாளிலேயே என்றால் நாண் மெல்லிசாக இருக்கும், விரலுக்கு அகப்படாமல் வழுக்கும். ஆறு மாதம் தாண்டினால் நாணும் தடிக்கும், வலியும் வீக்கமும் கூடும், பிடிப்பதற்கும் நாலு பேர் வேண்டும்.

எங்கள் அப்பப்பா காலத்தில் இரண்டு வயது தாண்டித்தான் நலமடிப்பார்கள். கழுத்தும் திமிலும் திரண்ட பிறகு செய்தால்தான் வண்டிலுக்கும் உழவுக்கும் ஆகும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, சின்னதில் செய்தவன் கழுத்து அவ்வளவு திரளாது. ஆனால் அவர்கள் தடியால் நசித்துச் செய்த விதத்தை அம்மா சொல்லக் கேட்டால் மனம் பொறுக்காது. இப்போது உழவுக்கு லான்ட்மாஸ்டர் வந்துவிட்டது. என்னுடைய தேவை ஒன்றுதான், இவன் நாகுகளோடு ஒரே கொட்டிலில் வளர வேண்டும், யாரையும் முட்டக்கூடாது. வண்டிலுக்கென்றே வளர்க்கிறவர்கள் தாமதித்துச் செய்வதென்றால் பெரிய இடுக்கியோடும் விறைப்பு ஊசியோடும் வைத்தியரைக் கொண்டுதான் செய்ய வேண்டும்.

இனிப் பிடிக்கிற விதம். காலை ஆறரைக்கு, வெயில் ஏற முன்னம் தொடங்கினோம். கன்றைக் கிடத்தவில்லை, நிற்க வைத்துத்தான். கொட்டில் மூலையில் வலது விலா சுவரோடு ஒட்டும்படி நிறுத்தினோம். தம்பி தலைக்கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, முழங்காலால் இடது விலாவைச் சுவரோடு மெதுவாக அணைத்துக்கொண்டான். என் கணவர் வாலை அடியில் பிடித்து நேராக மேலே தூக்கினார். வாலை அடியில் பிடித்துத் தூக்கினால் கன்று பின்னங்காலால் உதைப்பது நன்றாகக் குறையும். நுனியில் பிடித்து முறுக்கினால் வால் எலும்பு முறியும், அது வேண்டாம். கயிறு கழுத்தில் சுருக்குப் போடாமல் இருக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தொடங்க முன்னம் வைத்தியர் இரண்டு விதையும் பையில் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஒன்று வயிற்றுக்குள்ளே நின்றிருந்தால் அன்றைக்குச் செய்யக்கூடாது. பையில் குடல் இறங்கியிருந்தாலும் செய்யக்கூடாது, இடுக்கி குடலையே நசித்துவிடும். பிறகு வலி குறைக்கிற ஊசி போட்டு, நாண் இருக்கிற இடத்தில் விறைப்பு மருந்தும் ஏற்றி, பத்து நிமிடம் காத்திருந்தோம். தோலில் காயம் இல்லை என்பதற்காக வலி இல்லை என்று நினைக்காதீர்கள். நரம்பும் சேர்ந்துதான் நசிகிறது. மருந்தின் அளவை வைத்தியர் கன்றின் நிறையைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார், நீங்களாக ஏற்ற வேண்டாம்.

நாணைப் பிடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. விதையைக் கீழே இழுத்துவிட்டு, பையின் கழுத்தில் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தடவினால், பென்சில் மாதிரி ஒன்று விரலுக்கு நடுவில் வழுக்கும். அதை வெளிப்பக்கத் தோல் ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்து, அதன்மேல் மட்டும் இடுக்கியின் வாயை வைக்க வேண்டும். பையின் நடுப்பகுதியை விட்டுவிட வேண்டும். முழுப் பையையும் ஒரே வாயில் கவ்வக்கூடாது. அப்படிச் செய்தால் தோலுக்கு இரத்தம் போகிற வழியே அடைபட்டுப் பை முழுவதும் அழுகி விழுந்துவிடும். மேலே, உடம்போடு ஒட்டியும் போகக்கூடாது, அங்கே சிறுநீர் போகிற குழாய் வளைந்து கிடக்கிறது. முன்பக்கத்தில் இருக்கிற சின்ன முலைக்காம்பு வாய்க்குள் மாட்டுதா என்றும் பார்க்க வேண்டும்.

மூடும்போது ஒரு நெரிபடுகிற சத்தம் வரும், பச்சை வெண்டிக்காயை ஒடிக்கிற மாதிரி. சத்தத்தை விட அதைக் கையில் உணரலாம். மூடியபடியே 30 விநாடி வைத்திருந்து, திறந்து, ஒரு சென்ரிமீற்றர் கீழே அதே நாணில் இரண்டாம் தரம் போட்டார். முதலாவதில் நரம்பு அறுந்துவிட்டால் இரண்டாவது அவ்வளவு நோகாது, அதனால்தான் கீழே. மற்றப் பக்கத்திலும் அப்படியே இரண்டு தரம். ஆனால் இரண்டு பக்கக் கோடும் ஒரே மட்டத்தில் வராமல் ஏற்ற இறக்கமாகப் போட வேண்டும்.

வலது பக்கம் வைத்தியரே நாணைப் பிடித்து, கைபிடியையும் அவரே மூடினார். இடது பக்கம் நாணை நான் பிடித்தேன். இடுக்கி மூடுகிற நேரம் நாண் உள்ளுக்கு நழுவியதை நான் உணரவில்லை. சத்தம் மெதுவாகத்தான் கேட்டது. இரண்டாம் தரமும் அப்படியே. கன்று அமைதியாக நின்றதால் எல்லாம் சரி என்று நினைத்தோம். கன்று அமைதியாக நின்றது மருந்தால், நாண் அறுந்ததால் இல்லை.

அடுத்த நாள் வலது பக்கம் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. இடது பக்கம் வீக்கமே இல்லை. நான் சந்தோஷப்பட்டேன், ஒரு பக்கமாவது நோகாமல் போய்விட்டது என்று. அங்கேதான் பிழை. நாண் நன்றாக அறுந்த பக்கம் கட்டாயம் வீங்கும். இரண்டு, மூன்றாம் நாளில் கூடி, பிறகு ஒன்றிரண்டு கிழமையில் வடியும். வீங்காத பக்கம் நசியவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அன்றே வைத்தியரிடம் சொல்லியிருந்தால் அவர் வந்து பார்த்திருப்பார்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. உடனே தாயிடம் விட்டோம், அவன் பால் குடித்தான். கட்டிப் போடாமல் வளவுக்குள் நடக்க விட்டோம், நடந்தால் வீக்கம் வடியும். ஒரு நாள் கால் அகட்டி நடந்தான், அது வழமை. நிலத்தைக் காய்ந்தபடி வைத்திருந்தோம். தோலில் சிராய்ப்பு இல்லாததால் மஞ்சள், எண்ணெய் எதுவும் பூசவில்லை. சிராய்ப்பு இருந்தால் இலையான் பார்க்க வேண்டும், ஏற்பு வலித் தடுப்பு ஊசி பற்றியும் வைத்தியரிடம் கேட்க வேண்டும். நான் தினமும் இரண்டு விஷயம் பார்த்தேன், சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, பால் குடிக்கிறானா. சிறுநீர் போகாவிட்டால் அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிட வேண்டும். தோல் குளிர்ந்து கறுத்தாலும், நாற்றத்தோடு ஈரம் கசிந்தாலும், ஒரு கிழமை கடந்தும் வீக்கம் கூடிக்கொண்டே போனாலும் அப்படித்தான்.

ஆறாவது கிழமை, வைகாசிக் கடைசியில், இரண்டு விதையையும் தடவிப் பார்த்தோம். வலது சின்னக் கட்டியாகச் சுருங்கி, பை தளர்ந்து தொங்கியது. இடது முன்னரை விடப் பெரிதாக, மெத்தென்று இருந்தது. வைத்தியர் தொட்டவுடனேயே சொல்லிவிட்டார், நாண் முழுசாக இருக்கிறது என்று. ஒரு விதை போதும், அவன் நாம்பனாகவே வளர்வான், நாகுகளைச் சினைப்படுத்தவும் செய்வான்.

ஆனி முதல் கிழமை இடது பக்கம் மட்டும் திரும்பச் செய்தோம். மறுபடியும் ஊசி, மறுபடியும் பத்து நிமிடம். இந்தத் தரம் நாணை வைத்தியர் பிடித்தார், கைபிடியை என் கணவர் மூடினார். இடுக்கி மூடியபடி இருக்கும்போதே வைத்தியர் வாய்க்கு மேலும் கீழும் விரலால் தடவி, நாண் வாய்க்குள் அகப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். எடுத்த பிறகு அந்த இடத்தைத் தடவினால் நாணில் ஒரு இடைவெளி விரலுக்குத் தட்டுப்பட்டது. முதல் தரம் நாங்கள் செய்யாமல் விட்டது இதைத்தான்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். இடது பக்கம் நல்லாய் வீங்கியிருந்தது. உடனே வைத்தியருக்குத் தொலைபேசியில் சொன்னேன், வீங்கிவிட்டது ஐயா என்று. அவரும் சந்தோஷப்பட்டார்.